முட்டி இடிக்கும் வயது

1988-ல் பூம்பாறை மலைக்கிராமத்தில் என் மகன் நடக்கத் தொடங்கியபோது, அவன் முழங்கால்களுக்கு நடுவே என் மூன்று விரல்கள் நுழையும். "இடுப்புலயே தூக்கிச் சுமந்தா கால் வளையத்தான் செய்யும்" என்றார் மாமியார். தினமும் நல்லெண்ணெய் தேய்த்து உருவி, பழைய வேட்டித் துணியால் இரண்டு கால்களையும் நீட்டிச் சேர்த்துக் கட்டித் தூங்க வைத்தோம். இரண்டு வயதில் கால் நேரானது. கட்டியதால்தான் என்று நம்பினோம்.

மூன்றரை வயதில் முட்டிகள் இடித்துக்கொண்டன, கணுக்கால்கள் விலகி நின்றன. இறுக்கிக் கட்டியதால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று மாமியார் அழுதார். மதுரையில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் வாங்கி இரவெல்லாம் மாட்டினோம். கெண்டைக்காலில் பட்டை பதிந்த சிவப்புத் தடம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஏழு வயதில் கால் சரியானது. பூட்ஸைக் கும்பிட்டோம்.

போன வருடம் அவன் மகளுக்கு நாலு வயது. "அத்தை, இவளுக்கும் முட்டி இடிக்குதே" என்றாள் மருமகள். வத்தலக்குண்டில் குழந்தை மருத்துவரிடம் போனோம். முட்டிச்சில்லு இரண்டும் நேரே முன்னால் பார்க்கும்படி நிற்கவைத்து, முழங்கால்கள் லேசாகத் தொட்டதும், உள்பக்கக் கணுக்கால் எலும்புகளுக்கு இடையே டேப் வைத்தார். 6 செ.மீ. இந்த வயதில் 8 வரை பயமில்லையாம்.

கருவில் மடங்கிக் கிடந்த கால் பிறக்கும்போது வில்லாகத்தான் இருக்கும். ஒன்றரை, இரண்டு வயதில் நேராகும். அதோடு நிற்காமல் மறுபக்கம் சாயும். மூன்று, நாலு வயதில் அந்தச் சாய்வு உச்சத்துக்குப் போய், ஏழு வயதுக்குள் பெரியவர்களின் காலைப் போல லேசான சாய்வில் நிலைக்கும். பின்லாந்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் எக்ஸ்ரேயை வைத்து 1975-லேயே இதை எழுதிவிட்டார்கள். நாங்கள் துணி கட்டியது அதற்கும் பதின்மூன்று வருடம் கழித்து. கால் நீட்டிக் கட்டினால் இடுப்பு மூட்டு விலகக்கூடும் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எப்போது சும்மா விடக்கூடாது என்பதையும் கேட்டு வந்தேன். ஒரு கால் மட்டும் வளைந்தால், இரண்டு வயதுக்குப் பிறகும் வில் கூடிக்கொண்டே போனால், வலித்தால், நொண்டினால், வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டால், எட்டு வயதிலும் முட்டி இடித்தால் காட்ட வேண்டும். மணிக்கட்டு எலும்பு புடைத்திருந்தால் ரிக்கெட்ஸாக இருக்கலாம். பனியிலும் மூட்டத்திலும் பிள்ளையைக் கம்பளியில் பொத்தியே வளர்க்கிற எங்கள் மலையில் வைட்டமின் டி குறைவதை நினைவில் வைக்க வேண்டும். ரிக்கெட்ஸ் தானாகச் சரியாகாது, ரத்தம் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும்.

பேத்திக்கு மருந்துமில்லை, பூட்ஸுமில்லை. ஆறு மாதம் கழித்து அளந்தோம். 5 செ.மீ. சமையலறைக் கதவில் அவள் உயரத்துக்குப் பென்சில் கோடும் போட்டிருக்கிறேன். இரண்டாவது கோடு முதல் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே இருக்கிறது.