பொருள்: தாங்கள் கேட்ட மன்னிப்பும் தாங்கள் சொல்லாத குற்றமும்

பெறுநர்: ஹெச்.ஆர். மேலாளர் அவர்கள், நாட்றம்பள்ளிக்கும் ஆம்பூருக்கும் நடுவே எந்த ஷூ கம்பெனியாக இருந்தாலும் சரி.

ஐயா,

"மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு லைனுக்குப் போ" என்பது தங்கள் பிரிவின் வழக்கமான உத்தரவு. எதற்கு என்று தொழிலாளி கேட்டால் "உனக்கே தெரியும்" என்கிறீர்கள். யாருக்கு என்ன கெட்டது என்று கேட்டால் அந்தக் கேள்வியே இன்னொரு குற்றமாகிவிடுகிறது. இவ்வளவு தகவலை வைத்துக்கொண்டும் ஒரு கடிதம் எழுத முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்: "நான் செய்ததற்கு வருந்துகிறேன், இனி செய்யமாட்டேன்." இதில் ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததும் அடங்கும், சூப்பர்வைசரை முறைத்ததும் அடங்கும், தோல் திருடியதும் அடங்கும். தேதி போடாவிட்டால் அடுத்த மாதம் நடக்கப்போவதும் அடங்கும். இவ்வளவு வசதியான கடிதம் வேறு எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

தங்கள் தொழிலிலேயே இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று இருப்பதுதான் வியப்பு. தோலைத் தரம் பிரிக்கும் மேசையில் "இது சரியில்லை" என்று மட்டும் சொல்லி யாரும் ஒரு தோலை ஒதுக்குவதில்லை. உண்ணி கடித்த தழும்பா, முள் கீறலா, உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டா என்று பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள். தைத்து முடித்த ஷூவில் தையல் விட்டிருந்தால், விட்ட இடத்தைக் காட்டி ஓர் அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். ஷூவுக்குக் கிடைக்கும் அந்த ஸ்டிக்கர், அதைத் தைத்த பெண்ணுக்குக் கிடைப்பதில்லை.

அந்த மன்னிப்புக் கடிதம் ஃபைலுக்குள் போனபின் என்ன ஆகிறது என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி விதிகள், தொழிலாளி மீது சொல்லப்படுவதை எழுத்தில் தெளிவாகத் தந்து, விளக்கம் சொல்ல வாய்ப்பும் தரச் சொல்லின. தண்டனையை முடிவு செய்யும்போது அவருடைய பழைய நடத்தையையும் கணக்கில் எடுக்கச் சொல்லின. முதல் விதிக்குக் குற்றச்சாட்டு மெமோ, விசாரணை என்று வேலை அதிகம். மன்னிப்புக் கடிதம் அந்த வேலையைத் தாண்டிக் குதித்து, நேராக இரண்டாவது விதிக்குத் தீனியாகிறது. என்றோ ஒரு நாள் வேலைநீக்கம் வரும்போது "ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்" என்று அதைக் காட்டலாம். எந்தக் குற்றம் என்பதை அன்றைய தேவைக்கேற்ப நிரப்பிக்கொள்ளலாம். வெற்று ஸ்டாம்புப் பேப்பரில் கையெழுத்து வாங்கும் கந்துவட்டிக்காரர் செய்வதும் இதைத்தான். சுரத் சந்திர சக்கரவர்த்தி வழக்கில் 1970-லேயே உச்ச நீதிமன்றம் இந்த வித்தையைப் பார்த்துவிட்டது. குற்றச்சாட்டுக்கு அடிப்படையான விவரங்களைச் சொல்லாவிட்டால், அதிகாரிகளின் மனத்தில் உள்ளதைத் தன் கற்பனையால் ஒருவர் கண்டுபிடிக்க முடியாது என்பது அதன் தீர்ப்பின் சாரம்.

"சின்ன விஷயம், சட்டம் எதற்கு? விசாரணை வைத்தால் அவருக்குத்தானே அசிங்கம்?" என்று தாங்கள் கேட்கலாம். பாதி நியாயம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் விசாரணை வைத்தால் ஷிப்மென்ட் போகாது. ஆனால் சின்ன விஷயத்தைச் சொல்ல ஒரு சின்ன வரி போதும்: "திங்கள்கிழமை சொல்லாமல் லீவு எடுத்தார், அன்று அவருடைய மெஷின் நின்றது." இதை எழுதப் பிடிக்கும் நேரம், தொழிலாளியை அறைவாசலில் நிறுத்தி வைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அந்த ஒரு வரி எழுத வரவில்லை என்றால், விஷயம் சின்னது என்பதைவிட, விஷயமே இல்லையோ என்ற சந்தேகம் வருகிறது. "அவருக்கே தெரியும்" என்ற பதிலும் இங்கே உதவாது. இருவருக்கும் தெரிந்ததை எழுத இருவருமே தயங்க வேண்டியதில்லை.

தவறையும் பாதிக்கப்பட்டவரையும் பெயர் சொல்லிக் குறிப்பது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் தோல் தொழிற்சாலைகளின் மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பாலாற்றங்கரைத் தொழிலதிபர்கள் சேர்ந்து ஒரு வருத்தக் கடிதம் தந்தால் போதும் என்று விடவில்லை. பாழான நிலங்களையும், இழந்தவர்களையும், இழப்பின் அளவையும் கணக்கெடுக்க ஓர் ஆணையம் வந்தது. 547 தொழிற்சாலைகளால் பாதிக்கப்பட்டவர்கள் என்று 29,193 பேரை அது பட்டியலிட்டது. பணம் வந்து சேர்ந்த வேகம் தனிக் கதை. கிணற்று நீர் கெட்டதற்கு இத்தனை பெயர் எழுத முடிந்தது. ஒரு ஷிப்டில் நடந்ததற்கு ஒரு பெயர் எழுத முடியாதா?

ஆகவே கீழ்க்கண்ட படிவத்தை முதலில் தாங்கள் பூர்த்தி செய்து, முத்திரையுடன் அனுப்பக் கோருகிறேன். என்று, எந்த ஷிப்டில்: ______. என்ன செய்தார், அல்லது செய்யத் தவறினார்: ______. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்: ______. பார்த்தவர்: ______. மன்னிப்புக் கேட்டபின் இந்த விவகாரம் முடிந்ததாகக் கொள்ளப்படுமா: ஆம் / இல்லை. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், தாங்கள் கேட்பதற்கு வாக்குமூலம் என்று பெயர். அதை வாங்கும் முறை வேறு. அதுவரை தொழிலாளியை லைனுக்கு அனுப்பிவிடுங்கள், அவருடைய மெஷின் சும்மா நிற்கிறது.

இப்படிக்கு,
எதற்கென்று தெரியாமல் வருந்த இயலாத ஒருவர்