விலை ஏறும்போது தண்ணீர் இறங்கும்!
(மீன் குட்டை கேள்வி-பதில்)

ஒரு ஏக்கரில் குட்டை வெட்டிவிட்டேன். எந்த மாதம் குஞ்சு விடலாம்?
— ஒரத்தநாடு வாசகர்

எந்த மாதம் விற்கப் போகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள், இதைச் சொல்கிறேன். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. சந்தையில் கடல் மீன் குறையும். கட்லாவையும் ரோகுவையும் திரும்பிப் பார்க்காதவர்கூட அப்போது விலை கேட்பார். ஏப்ரல் கடைசியில் மீன் முக்கால் கிலோவாவது நிற்க வேண்டுமென்றால் எட்டு, ஒன்பது மாதம் பின்னால் எண்ணுங்கள். ஆகஸ்டு நடுவில் வந்து நிற்பீர்கள். ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் நேரம், வாய்க்காலிலும் தண்ணீர் இருக்கும்.

குட்டையில் ஏற்கெனவே விரால் கிடக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டுமே?
— பட்டுக்கோட்டை வாசகி

இருக்கட்டும். ஆனால் குஞ்சுக்குக் கொடுக்கும் பணத்தை விராலின் சாப்பாட்டுச் செலவு என்று கணக்கில் எழுதிவிடுங்கள். கோடையில் தண்ணீரை வடித்து, தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயப் போடுவதுதான் நல்ல வழி. வடிக்க முடியாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு இருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீர் என்றால் ஏக்கருக்கு நானூறு, ஐந்நூறு கிலோ கரைத்து ஊற்ற வேண்டும். விராலும் கெளுத்தியும் மேலே வந்துவிடும். அதன் வீரியம் அடங்க மூன்று வாரம் ஆகும். பிறகு அதுவே குட்டைக்கு உரம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். பூவுக்குக் கிடைத்த பெயர் புண்ணாக்குக்குக் கிடைக்கவில்லை.

கட்லா மட்டும் விட்டால் என்ன? அதுதானே சீக்கிரம் வளர்கிறது?
— திருவாரூர் வாசகர்

குட்டை மூன்று மாடி வீடு. கட்லா மேல்மாடி, ரோகு நடுமாடி, மிர்கால் தரைத்தளம். மேல்மாடியில் மட்டும் கூட்டம் சேர்த்துவிட்டு மற்ற இரண்டையும் பூட்டி வைப்பானேன்? நான் ஏக்கருக்கு மூவாயிரம் குஞ்சு விடுகிறேன். நூற்றுக்கு நாற்பது கட்லா, மற்ற இரண்டும் முப்பது முப்பது. நாலு அங்குலக் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். பை வந்ததும் அவிழ்த்துக் கொட்டாதீர்கள். கால் மணி நேரம் குட்டையில் மிதக்க விட்டு, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக வெளியே நீந்தும்படி விடுங்கள்.

தீவனம் தினமும் எத்தனை கிலோ? ஒரே வரியில் சொல்லவும்.
— மன்னார்குடி வாசகர்

வீச்சுவலை சொல்லும்.

ஒரு வரி முடிந்தது. இனி விவரம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு. முதல் மாதம், மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு. பத்து கிராம் குஞ்சு மூவாயிரம் என்றால் மொத்தமே முப்பது கிலோ. தீவனம் ஒன்றரை கிலோ போதும். அப்போது குஞ்சின் பெரும்பங்குச் சாப்பாடு சாணம் போட்டதில் விளைந்த நுண்பாசிதான். அதன்பின் மாதம் ஒருமுறை வலை வீசி இருபது மீனை எடை போடுங்கள். போன நவம்பரில் என் குட்டையில் இருபது மீன் நாலு கிலோ இருந்தது. ஆக ஒன்று 200 கிராம். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். விட்டது மூவாயிரம் என்று மூவாயிரத்தால் பெருக்குவார்கள். கொக்கும் நீர்க்காகமும் ரசீது கொடுப்பதில்லை. நூற்றுக்கு எண்பது பிழைத்திருக்கும் என்று 2,400 வைத்தேன். மொத்தம் 480 கிலோ, நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் தினம் பதினாலு கிலோ. பிப்ரவரிக்குமேல் இரண்டு பங்காகக் குறைத்துவிட வேண்டும்.

இதை வாரி இறைக்காதீர்கள். ஓட்டை போட்ட சாக்கில் கட்டி, மூங்கிலில் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். மாலையில் சாக்கில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். மிச்சத் தீவனம் மீனுக்கு ஆகாது. அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

தண்ணீர் சோதிக்கக் கருவி வாங்க வசதியில்லை...
— பேராவூரணி வாசகி

முழங்கை இருக்கிறதே! கையை நேராகத் தண்ணீரில் இறக்குங்கள். முழங்கை நனையும்போது விரல் நுனி மங்கி மறைந்தால் பச்சை சரியான அளவு. மணிக்கட்டு அளவிலேயே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. சாணத்தையும் தீவனத்தையும் நிறுத்துங்கள். தோள் வரை இறக்கியும் விரல் தெரிந்தால் குட்டையில் சாப்பாடு இல்லை.

ஐப்பசியில் ஒரே இரவில் மீன் செத்து மிதந்தது. பக்கத்து வயல்காரர் மருந்து கலந்துவிட்டார் என்று சந்தேகம். புகார் கொடுக்கலாமா?
— பாபநாசம் வாசகர்

புகாருக்கு முன் மூன்று கேள்வி. செத்தது விடிகாலையிலா? முந்தின நாள்களில் மூட்டமா? பெரிய மீன்தான் அதிகம் போனதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் பக்கத்து வயல்காரரோடு காபி சாப்பிடுங்கள், குற்றவாளி மேகம். பகலில் வெயில் இருந்தால் பாசி தண்ணீரில் பிராணவாயுவை விடும். இரவில் அதே பாசி மீனோடு போட்டி போட்டு அதை உறிஞ்சும். இரண்டு நாள் வெயில் இல்லாவிட்டால் மூன்றாம் நாள் விடியலில் கையிருப்பு காலி. நிறைய மூச்சு வேண்டிய பெரிய மீன் முதலில் போகும். விஷம் என்றால் பெரிதும் சிறிதும் பேதமில்லாமல், எந்த நேரத்திலும் சாகும். நோய் என்றால் தினம் நாலைந்தாக, உடம்பில் புண்ணோடு போகும்.

எனக்கும் இது நடந்தது. இரண்டு நாள் அடைமூட்டம். சாக்கை வழக்கம்போல நிரப்பிவிட்டுப் போர்வைக்குள் புகுந்தேன். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் கட்லாக்கள் மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மோட்டாரைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே உறிஞ்சி உயரத்திலிருந்து கொட்ட வைத்ததில் பாதிதான் தப்பியது. இப்போது மூட்டம் என்றால் தீவனம் பாதி, அடைமழை என்றால் பூஜ்யம். அதிகாலை நாலரைக்குக் கையில் டார்ச்சோடு கரையில் நிற்கிறேன்.

புரட்டாசியில் மீன் விலை விழுமே, பயமாக இருக்கிறது.
— கும்பகோணம் வாசகி

அப்போது உங்கள் மீன் விற்கும் அளவுக்கு வளர்ந்தே இருக்காது. அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள். நீங்களும் நிம்மதியாக விரதம் இருக்கலாம்.

மே கடைசிவரை காத்திருந்தால் இன்னும் விலை கூடுமே?
— அதே ஒரத்தநாடு வாசகர்

விலை கூடலாம், தண்ணீர்? மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அதற்குப் பிறகு போர்வெல்தான் உங்களுக்குக் காவிரி. பிப்ரவரி, மார்ச்சில் மீன் வேகமாக வளரும். அதே வெயிலில் தண்ணீரும் வற்றும். அதனால் நான் இரண்டு தவணையாகப் பிடிக்கிறேன். காணும் பொங்கலை ஒட்டி அரைக் கிலோ தாண்டிய கட்லாவை மட்டும் எடுத்துவிடுவேன். மீதி மீனுக்கு இடம் கிடைக்கும். தடைக்காலம் தொடங்கிப் பத்து நாளில் இழுவலை. தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டால் தடைக்காலத்துக்கும் காத்திருக்க மாட்டேன். செத்த மீனுக்கு மே மாத விலை கிடையாது.

வியாபாரி என் மீனில் மண் வாடை என்று விலையைக் குறைக்கிறார். பேரம் பேசும் தந்திரமா?
— வல்லம் வாசகர்

பாதி தந்திரம், பாதி நிஜம். தேங்கிய குட்டையில் சில பாசிகளும் நுண்ணுயிர்களும் அந்த வாடையை உண்டாக்கும், மீன் கொழுப்பில் அது ஏறிவிடும். பிடிப்பதற்குச் சில நாள் முன்பு ஒரு மீனை எடுத்து வீட்டில் குழம்பு வையுங்கள். வாடை இருந்தால் புதுத்தண்ணீர் விட்டு விற்பனையைத் தள்ளிப் போடலாம். இல்லையென்றால் வியாபாரி வரும்போது மிச்சக் குழம்பை அவர் இலையில் ஊற்றுங்கள்.