ராத்திரி சரக்கு, காலையில் மாத்திரை

கே: இரவு நண்பர்களோடு கொஞ்சம் சரக்கு. காலையில் தலைவலிக்கு ஐபுப்ரோஃபென். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தானே போடுகிறேன், வயிறு தாங்காதா?

ப: இட்லி வாசலில் காவல் நிற்கிறது, திருடன் கொல்லைப்புறமாக வருகிறான். இரைப்பை தன் அமிலத்தில் தானே வெந்துபோகாமல் காப்பது அதன் உட்சுவரில் படிந்திருக்கும் சளிப்படலம். அதைச் சுரக்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டினின் உற்பத்தியை, மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகு குறைத்துவிடுகிறது. அதே சுவரைத்தான் ராத்திரியே உங்கள் சரக்கு அரித்துவைத்திருக்கிறது.

ஆஸ்பிரின் என்றால் இன்னும் விசேஷம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள் வரை, முடக்கிவிடும். புண் கசிந்தால் அடைக்க ஆளிருக்காது. தினமும் 3 கோப்பை அல்லது அதற்கு மேல் ஊற்றிக்கொள்பவருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடுதல் என்று அமெரிக்காவில் மாத்திரை டப்பாவிலேயே அச்சடிக்கிறார்கள்.

வலி இல்லாமலும் கசியும். மலம் தாராகக் கறுத்து நாறினாலோ, வாந்தி காபித்தூள் நிறத்தில் வந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், அந்தத் தீர்ப்பை டாக்டர் சொல்லட்டும்.)

பாரசிட்டமால்? வயிற்றை விட்டுவிடும், தினக்குடிகாரரின் கல்லீரலை விடாது. இதயத்துக்காக டாக்டர் ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்த வேறொன்று இருக்கிறதே!