22.50-ஆல் பெருக்கும் மனிதர்

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவரையும் ஒரேயடியாக வந்துவிட்டவரையும் சித்தூர் தாலுகாவில் யாரும் சுலபமாகப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். விடுமுறைக்காரர் டீக்கடையில் எல்லோருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பார். ஒரேயடியாக வந்தவர் பன்னிரண்டு ரூபாயை 22.50-ஆல் வகுத்து, "அரை திர்ஹம்தான் ஆகுதுங்களே" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுத் தன் டீக்கு மட்டும் கொடுப்பார்.

நான் சொல்லும் துபாய் அண்ணன் இரண்டாம் வகை. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர். 2011-இல் போனவர், 2023-இல் திரும்பினார். ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், மாதம் 4,500 திர்ஹம். வந்து இறங்கிய அன்று ரேட் 22.50. அவர் மனசில் அது அப்படியே உறைந்துவிட்டது. 4,500-ஐ 22.50-ஆல் பெருக்கினால் 1,01,250. அதனால் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளிடம் அவர் முதலில் கேட்ட சம்பளம் ஒரு லட்சம். மேலே உள்ள 1,250-ஐ ஊர்ப்பாசத்துக்காக விட்டுக்கொடுத்தார்.

முதல் நேர்முகத்தில் உட்கார்ந்திருந்தது ஹெச்.ஆர். பெண், வயது இருபத்தைந்து இருக்கும். "சேட்டனு எத்ர வேணும்?" என்று கேட்டது. இவர் சொன்னார். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கேட்டது. அங்கேதான் வம்பு. அமீரகத்தில் 2022 வரை விசாவைப் பாஸ்போர்ட்டிலேயே ஸ்டிக்கராக ஒட்டுவார்கள், தொழிலும் அதில் இருக்கும். அண்ணனின் ஸ்டிக்கரில் இருந்த தொழில், கம்பி கட்டுபவர். பயோடேட்டாவில் ஸ்டோர் இன்-சார்ஜ்.

அண்ணன் பொய் சொல்லவில்லை. கம்பெனி கையில் எந்த வேலைக்கு விசா மிச்சம் இருந்ததோ அதில் ஆளை ஏற்றிவிட்டு, வேறு வேலையில் உட்கார வைப்பது அங்கே சாதாரணம். ஆனால் அதை விளக்கத் தெரிய வேண்டுமே! "அது சும்மா பேப்பருக்கு, மாஃபி முஷ்கிலா" என்றார். கேட்கிறவருக்கு அப்போதுதான் முஷ்கிலா ஆரம்பிக்கும். சம்பளம் ஏறிய கடிதம், சைட்டுக்குள் நுழையும் அடையாள அட்டையில் இருக்கும் பதவி, மாதாமாதம் கம்பெனி பெயரில் சம்பளம் விழுந்த பேங்க் ஸ்டேட்மென்ட், இந்த மூன்றும் இருந்தால் ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் நம்புவார்கள். அண்ணன் அட்டையை விமான நிலையத்திலேயே கம்பெனி ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தவர். கடிதத்தில் இட்லி மாவுக் கறை. ஸ்டேட்மென்ட் மட்டும் சுத்தமாக இருந்தது, அதைத் திறந்தே பார்த்ததில்லை என்பதால்.

அடுத்த கேள்வி, ஜி.எஸ்.டி. தெரியுமா?

"வாட் தெரியும். அஞ்சு பர்சென்ட்."

பாவம், அவர் தப்பில்லை. இவர் துபாயில் சிமென்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது, 2017 ஜூலையில் இங்கே ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. அங்கே வாட் 2018 ஜனவரியில் வந்தது. இவர் அறிந்த வாளையாரில் லாரிகள் வரிச்சாவடி முன் கிலோமீட்டர் கணக்கில் நின்று, டிரைவர்கள் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு ஆக்குவார்கள். அந்த வரிசை கலைந்துபோய், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கோடு ஈ-வே பில் வருகிறதா, வண்டி எண் சரியா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது ஸ்டோர் வாசலுக்கு வந்திருக்கிறது. "அதெல்லாம் டிரைவர் பார்த்துக்குவான்" என்றார் அண்ணன். பெண் சிரித்தது. அந்தச் சிரிப்பின் மதிப்பு மாதம் பத்தாயிரமாவது இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆறு மாதத்தில் ஒரு லட்சம் எண்பது ஆயிற்று, பிறகு அறுபது. கோயம்புத்தூருக்கும் போய்வந்தார். அங்கே எல்லோரும் மரியாதையாக "சொல்றோமுங்க" என்றார்கள், ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் விஷயத்தை முடித்து வைத்தது அண்ணி. பன்னிரண்டு வருடம் பணத்தை வாங்கிக் கணக்கு எழுதியவர் அவர்தான். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினார். 4,500-இல் மெஸ், போன், கைச்செலவு என்று 1,000 போக, வீட்டுக்கு வந்தது 3,500. அதாவது 78,750 ரூபாய். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும்போது பெட்டி, சென்ட், மச்சான் போன், ஊர் விருந்து என்று 1,80,000 போகும். மாதத்துக்கு 7,500. மிச்சம் 71,250.

"இத பன்னண்டு மணி நேரம் வேல பாத்துத்தான வாங்குனீங்க? எட்டு மணி நேரத்துக்கு எவ்வளவுங்க?"

அண்ணன் பேசவில்லை. அண்ணியே எழுதினார்: 47,500.

ஒரு லட்சத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவர அரசாங்கம் வேண்டியிருக்கவில்லை, ஒரு பத்திரிகை போதுமானதாக இருந்தது. கஞ்சிக்கோட்டில் கொடுப்பதாகச் சொன்னது 28,000. இடைவெளி இன்னும் 19,500. அது எந்தக் கணக்கிலும் அடையாது. அடைவது போல யார் பேசினாலும் நம்ப வேண்டாம்.

குமுளியில் அண்ணனின் சகலை ஒருவர், துபாய் ஹோட்டலில் பரிமாறிவிட்டு வந்தவர். தேக்கடி ரிசார்ட்டில் டிப்ஸையும் சேர்த்துச் சம்பளம் கேட்டார். மே மாதக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன தொகை அது. ஜூலை மழையில் மேசைகளைத் துடைத்துத் துடைத்து அவருக்கே மனசு இறங்கிவிட்டது. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் மலையேறி வருகிற பெண்கள் ஏறும்முன்பே கூலியைப் பேசிவிடுகிறார்கள். இவருக்கு ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது.

இடையில் தொழில் யோகம். நோர்க்காவில், இரண்டு வருடமாவது வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர் தொழில் தொடங்க மானியத்தோடு கடன் உண்டு. 30 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 15 சதவீதம் மூலதன மானியம். அண்ணன் காதில் "மானியம்" மட்டும் விழுந்தது. பேங்கில் "கடன்" என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்கள். அவர் நினைத்திருந்த கோழிப்பண்ணை அத்தோடு முடிந்தது.

மீண்டும் அதே ஹெச்.ஆர். பெண். இந்தமுறை அண்ணன் துபாய் என்ற சொல்லையே கடைசியில் வைத்தார். ஸ்டோரில் எத்தனை வகைச் சாமான், வருடக் கடைசியில் எண்ணிப் பார்க்கும்போது எவ்வளவு குறையும், குறைந்தால் யாரிடம் கேட்பார் என்று சொன்னார். மகனை வைத்து ஈ-வே பில்லும் படித்திருந்தார். பெண்ணுக்குப் பாதி திருப்தி. மீதியைக் கேட்டது: "விசா வந்நால் போகுமோ?"

திரும்பி வந்தவர்களிடம் முதலாளிகளுக்கு உள்ள நிஜமான பயம் அதுதான், சம்பளம் இல்லை. அண்ணன் தன் வயதைச் சொன்னார். பாஸ்போர்ட் போன மாதம்தான் புதுப்பித்தது என்பதைச் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது. முதல் சம்பளச் சீட்டில் 26,200 என்றிருந்தது. துபாயில் பிடித்தமே கிடையாது. பாய்ந்துபோய்க் கேட்டார். பி.எஃப். 1,800 பிடித்திருக்கிறோம், அதேபோல் கம்பெனியும் தன் பங்குக்கு 1,800 கட்டும், இரண்டும் உங்களுக்கே என்று பெண் நிதானமாக விளக்கியது. அண்ணன் கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தார்.

அன்று மாலை டீக்கடையில் யாரோ சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள்.

"29,800 வருதுங்க," என்றார். "முப்பதுன்னே வெச்சுக்கங்களேன்."