சோத்தைப் பின்னாடி வையி, மருமவனே

ஏய்யா மருமவனே, மத்தியானம் போன் போட்டா ‘மீட்டிங்ல இருக்கேன் மாமா’ங்குத. ஒங்க மீட்டிங்ல குறட்டை போட்டுத்தான் தீர்மானம் நிறைவேத்துவாங்களோ?

மத்தியானத் தூக்கத்துக்குச் சோத்து மேல மட்டும் பழியைப் போடாத. ரெண்டு மூணு மணிக்குப் பட்டினி கெடந்தாலும் ஒடம்பு லேசா அசரத்தான் செய்யும். அது ஒடம்புக்குள்ள ஓடுத கடிகாரத்தோட வேலை. நீ அந்த அசதி மேல ஒரு குண்டான் சோத்தைக் கவுத்துத, அதான் கோளாறு.

அன்னைக்கு ஒன் கேரியரைப் பாத்தேனே. சாம்பாருக்கு ஒரு சுத்து, ரசத்துக்கு ஒரு சுத்து, மோருக்கு ஒரு சுத்து. காய் எங்கடான்னா உருளைக்கெழங்கு வறுவலைக் காட்டுத. அதுவும் மாவுதாம்ல! ஒங்க அத்தை தராசுல வச்சா சோறு மட்டும் அரைக் கிலோ நிக்கும். வெந்த சோறு 100 கிராம்ல சுமார் 28 கிராம் மாவுச்சத்து; அப்போ 140 கிராம் ஒரே மூச்சுல உள்ள போவுது. தீட்டுன வெள்ளை அரிசி வேற, சட்டுனு சர்க்கரையா ரத்தத்துல ஏறிரும். ஒங்க தாத்தாவும் இதே அளவு தின்னாருதான். ஆனா தின்னுட்டு மம்பட்டியைத் தூக்குனாரு. நீ மவுசைத் தூக்குத.

சோத்தை விடச் சொல்லல, முறையை மாத்து. மொதல்ல கீரை, அவரைக்காப் பொரியல், கூட ஒரு கிண்ணம் சுண்டலோ ரெண்டு முட்டையோ. அதைப் பாதிக்கு மேல தின்னு முடிச்சப்பொறம் சோத்துல கைய வையி. நாரும் புரதமும் முன்னால போனா வயிறு மெதுவாத்தான் காலியாவும், சர்க்கரையும் நிதானமா ஏறும். சோறு 200 கிராம் போதும், காயும் பருப்புமா கெட்டிச் சாம்பாரை ஊத்திக்கோ. ரசத்தையும் மோரையும் டம்ளர்ல குடி. அதுக்குத் தனித்தனியா சோறு கேக்குத பழக்கம் வேண்டாம். காலையில வெறும் காப்பியோட ஓடுனேன்னா இதெல்லாம் நடக்காது. பசிச்சவன் கரண்டிய எண்ண மாட்டான்.

சாப்பிட்ட கையோட பத்து நிமிசம் நட. நடக்குத கால்சதை அந்தச் சர்க்கரையக் கொஞ்சம் வாங்கிக்கிடும். கண்ணை மூடித்தான் ஆவணும்னா இருவது நிமிசம், அதுக்கு மேல போனா எந்திரிக்கும்போது தலை கிறுகிறுங்கும். சாயங்காலம் டீயா ஊத்தி முழிச்சா ராத்திரித் தூக்கம் கெட்டு, மறுநாள் மத்தியானம் அந்தக் கடனையும் சேத்துக் கட்டணும்.

ஒண்ணு சொல்லுதேன், சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுத ஒன் சிநேகிதனுக்கு இதை அப்படியே ஓதிராத. மருந்து அளவை டாக்டர்ட்ட கேக்காம சோத்தை மட்டும் குறைச்சா, சர்க்கரை ரொம்ப இறங்கி ஆளு மயங்கியும் போவலாம்.

இவ்வளவும் செஞ்சும் மத்தியானம் தூங்கி விழுந்தியோ, ராத்திரி நீ குறட்டைக்கு நடுவுல மூச்சடைச்சுத் திணறுதியான்னு ஒம் பொண்டாட்டிய விசாரி. ஆமாம்னு சொன்னா அது கேரியர் விவகாரம் இல்ல. நேரா டாக்டர்ட்ட போயிரு.