மழை வந்தால் காசு வருமா?

கேள்வி: பல்லேகலையில் முதன்முதலாக மட்ச் பார்க்கப் போகிறோம். மழையில் ஆட்டம் நின்றால் டிக்கெட் காசு திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: முடிவு கிடைக்காத ஆட்டம் என்றாலே காசு திரும்பும் என்று எண்ண வேண்டாம். வீசப்பட்ட ஓவர்தான் கணக்கு. 2023 செப்டம்பர் 2, அதே பல்லேகலையில் ஆசியக் கிண்ணம். இந்தியா 48.5 ஓவரில் 266 எடுத்தது. பாகிஸ்தான் மட்டையைத் தொடுமுன் மழை ஆட்டத்தையே விழுங்கிவிட்டது. இங்கிலாந்தில் ஒருநாள் போட்டிகளுக்கு வழக்கமான விதிப்படி 10 ஓவர் வரை என்றால் முழுப் பணம், 25 ஓவருக்குள் பாதி, அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. அந்த அளவுகோலில் அன்று வந்தவருக்கு ஒரு சதமும் கிடையாது! இங்கே விதி போட்டிக்குப் போட்டி மாறும். ஆகவே வாங்குமுன் நிபந்தனையை வாசியுங்கள். பணம் பொதுவாக வாங்கிய இடத்துக்கே திரும்பும், அதனால் தெருவில் இன்னொருவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள்.

முதன்முதலாகப் போவதால் இன்னும் சில குறிப்புகள். புல்மேட்டில் இருக்கை எண் இல்லை, முந்தியவருக்கே நல்ல இடம். டிக்கெட்டில் உள்ள வாசல் எண்ணைப் பார்த்தே வரிசையில் நில்லுங்கள். கண்ணாடிப் போத்தலும் தகர டின்னும் வாசலிலேயே நின்றுவிடும். குடை பின்னால் இருப்பவரை மறைக்கும். மழைக்கோட்டு கொண்டு போங்கள். வெளியே போனால் மறுபடி விடுவார்களா என்பதை உள்ளே போகுமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.