இன்சார்ஜ் அக்காவின் அழிரப்பர்

எங்கள் ஆபரேஷன் வார்டு இன்சார்ஜ் அக்கா டூட்டி லிஸ்ட்டைப் பேனாவால் எழுதியதை யாரும் பார்த்ததில்லை. பென்சில், ஸ்கேல், அழிரப்பர். கம்ப்யூட்டரில் போடலாமே என்றால், "அதுக்கு யாரோட மாமியார் எப்ப ஊர்லேர்ந்து வர்றாங்கன்னு தெரியுமா?" என்பார்.

சனிக்கிழமை விடிவதற்குள் அக்கா செல்போனுக்கு மூன்று சிவந்த கண்களின் போட்டோ வந்துவிட்டது. மெட்ராஸ் ஐ. மூவரும் ஒரே துண்டில் முகம் துடைத்தவர்கள். "கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வரட்டுமா அக்கா?" என்றாள் ஒருத்தி. "வந்து தையல் போட்டவங்களுக்கெல்லாம் ஒட்டிட்டுப் போகவா? ஒரு வாரம் வீட்லயே கிட."

காபி ஆறிக்கொண்டிருக்க, அக்கா கணக்குப் போட்டார். காலை நான்கு பேர், மாலை மூன்று, இரவு இரண்டு; வாரத்துக்கு 63 டூட்டி. மிச்சம் ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு நாள் ஆஃப் போனால் 54. ஆஃபில் கைவைக்க அக்காவுக்கு மனசு வராது. வைத்தால் அடுத்த வாரம் நாலாவது ஆள் படுப்பாள் என்பது அனுபவம்.

காலையில் தினமும் ஒருவரைக் குறைத்தார், ஏழு போயிற்று. இன்னும் இரண்டு. ஞாயிறு ஆபரேஷன் கிடையாது, அதனால் காலையில் இன்னொருவர் குறையலாம். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஞாயிறு மாலையிலும் ஒன்றைக் கழிக்கச் சொன்னார். அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். திங்கள் ஆபரேஷனுக்கு ஆட்கள் பையும் பாயுமாக வந்து அட்மிட் ஆவதே ஞாயிறு மாலைதான். சனி மாலையில் கழித்தார்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். படுத்த மூவரில் இருவர் அடுத்த வார நைட். அந்த இடத்தில் இரண்டு புதுப் பெண்களைப் போட முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ரெயினில் ரத்தம் வந்தால் டாக்டரை எழுப்பலாமா என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒரு சீனியர், ஒரு ஜூனியர். திங்கள் முதல் சனி வரை நைட், இறங்கினால் ஞாயிறு ஆஃப். ஞாயிறு இரவு ஏறும் ஜோடிக்கு சனியே ஆஃப். கிடைத்த சீனியரும் ஜூனியரும் ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். "நல்லதாப் போச்சு, அரட்டை இருக்காது" என்று எழுதிவிட்டார். காதுகுத்துக்கு வியாழன் கேட்டவளுக்கு வியாழனே கிடைத்தது.

மத்தியானம் லிஸ்ட் சுவரில் ஏறியது. சாயங்காலம் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, கண்ணு லேசா உறுத்துது."

"ஒரு கண்ணா, ரெண்டுமா?"

"ஒண்ணுதான்."

"கசக்காதே. கையைக் கழுவிட்டு நேரா வீட்டுக்குப் போ" என்ற அக்கா, அவள் இடத்தை அழித்து, லிஸ்ட்டிலேயே இல்லாத தன் பெயரை எழுதினார். ஆஃப் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டார்.